ஆயிரம் யூரோவில் வீட்டுக்கு எவ்வளவு வரும்?

நகை அடகு வைக்க வருபவர்களிடம் காரணம் கேட்கும் வழக்கம் எங்கள் கிராமிய வங்கியில் இல்லை. காரணத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள். காலபோக விதைப்பு நெருங்கினால் உழவுக்கூலி, உரம். தை பிறந்தால் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு. மற்றக் காலங்களில் பெரும்பாலும் வெளிநாடு. கிளிநொச்சி மாவட்டத்தில் இந்த அடகுப் பகுதியில் பல வருடங்களாக இருக்கிறேன். வெளிநாட்டுக்கென்று வைக்கப்பட்ட நகைகளில் எத்தனை திரும்ப மீட்கப்பட்டன, எத்தனை ஏலத்துக்குப் போயின என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஏலத்துக்குப் போன நகைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் சோம்பேறிப் பிள்ளைகள் இருக்கவில்லை. சம்பளத்தைப் பார்த்துப் போன, மிச்சத்தைக் கணக்குப் பார்க்காமல் போன நல்ல உழைப்பாளிப் பிள்ளைகள்தான் இருந்தார்கள்.

போன வருடம் ஒரு பின்னேரம் எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் தாயாரோடு வீட்டுக்கு வந்தான். வெல்டிங் வேலை தெரிந்தவன், கையில் சான்றிதழும் இருக்கிறது. இரண்டு வேலை ஒப்பந்தங்களைக் கொண்டுவந்திருந்தான். ஒன்று ருமேனியா, மற்றது கட்டார். ருமேனியாவில் மாதம் 5,000 லெய். ஒரு யூரோ ஏறக்குறைய ஐந்து லெய் என்பதால் முகவர் அதை “ஆயிரம் யூரோ” என்று சொல்லியிருந்தார். கட்டாரில் எல்லாம் சேர்த்து 2,000 ரியால். ஒரு லெய்யை 70 ரூபாவாகவும் ஒரு ரியாலை 82 ரூபாவாகவும் வைத்துப் பார்த்தால், ஒன்று மூன்றரை இலட்சம், மற்றது ஒரு இலட்சத்து 64 ஆயிரம்.

“அக்கா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டு மடங்குக்கும் மேல்,” என்றான். தாயார் மடியில் நகைப்பெட்டியை வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்.

ஒரு கொப்பியை எடுத்து நடுவில் கோடு போட்டேன். அன்று எழுதிய கணக்கை, அவன் சம்மதத்தோடு, இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். எண்கள் அவனுடைய ஒப்பந்தங்களில் இருந்தவை. உங்கள் தாளில் வேறு எண்கள் இருக்கும், கணக்குப் பார்க்கும் முறை மாறாது.

முதலில் பார்க்க வேண்டியது, தாளில் இருக்கும் சம்பளம் மொத்தச் சம்பளமா, கைக்கு வரும் சம்பளமா என்பது. ருமேனிய ஒப்பந்தங்களில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கும். ‘புருட்’ என்றால் பிடிப்பதற்கு முந்திய மொத்தம். ‘நெட்’ என்றால் எல்லாம் பிடித்தபின் கைக்கு வருவது. அந்தத் தம்பியின் தாளில் 5,000 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘புருட்’ என்று இருந்தது. முகவர் அந்தச் சொல்லை வாசித்துக் காட்டியிருக்கவில்லை.

இங்கே சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் பிடிப்பார்கள் என்பது எங்களுக்குப் பழக்கம். ருமேனியாவில் ஊழியரின் மொத்தச் சம்பளத்திலிருந்து ஓய்வூதியத்துக்கு 25 வீதமும் மருத்துவக் காப்புறுதிக்கு 10 வீதமும் பிடிக்கிறார்கள். மிச்சத்தில் 10 வீதம் வருமான வரி. வெளிநாட்டவரும் உள்நாட்டவரும் இதில் ஒன்றுதான். 5,000 லெய்யில் 1,250 ஓய்வூதியத்துக்குப் போகிறது, 500 மருத்துவத்துக்குப் போகிறது. நிற்பது 3,250. அதில் 325 வரி. கைக்கு வருவது 2,925 லெய். குறைந்த சம்பளக்காரருக்கு ஒரு சிறு வரிக்கழிவு உண்டு, அது சில பத்து லெய்களைத்தான் மாற்றும் என்பதால் விட்டுவிட்டேன்.

“வரி 10 வீதந்தான்” என்று முகவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் நூறு லெய்யில் ஏறக்குறைய நாற்பத்தொன்றரை லெய் கைக்கு வருமுன்னே போய்விடுகிறது. வரி என்ற பெயரில் போவது அதில் மிகச் சிறிய பங்கு. ஆகவே “வரி எவ்வளவு?” என்று கேட்டால் போதாது. “என்னென்ன பெயரில் எவ்வளவு பிடிப்பார்கள்?” என்று கேட்க வேண்டும்.

ஓய்வூதியத்துக்குப் பிடிப்பதும் சேமிப்புத்தானே என்று அந்தத் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. எங்கள் சேமலாப நிதி எங்கள் பெயரிலேயே சேர்ந்து, ஒருநாள் முழுத்தொகையாகக் கைக்கு வரும். ருமேனியாவில் ஓய்வூதியம் பெறக் குறைந்தது 15 வருடம் செலுத்தியிருக்க வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறவன் அந்த 25 வீதத்தைத் தன் சேமிப்பு என்று எழுதக்கூடாது. நீண்டகாலம் அங்கேயே இருக்கும் திட்டம் உள்ளவருக்கு அதன் பெறுமதி வேறு.

கட்டாரில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. 2,000 ரியால் என்றால் 2,000 ரியால்தான் கைக்கு வரும்.

எல்லா நாடும் ருமேனியா மாதிரி முதல் காசிலிருந்து பிடிப்பதில்லை. இங்கிலாந்துக்குத் தாதியாகப் போக முயல்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அங்கே 2025-26 வரி ஆண்டில் வருடத்துக்கு முதல் 12,570 பவுண்டுக்கு வருமான வரி இல்லை. அதற்கு மேல் வருவதற்கு மட்டும் 20 வீத வரியும் 8 வீதத் தேசியக் காப்புறுதியும் பிடிக்கிறார்கள். வருடம் 30,000 பவுண்டு என்றால் 17,430 பவுண்டுக்குத்தான் அந்த 28 வீதம். மாதம் 2,090 பவுண்டு அளவில் கைக்கு வரும், ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். அங்கே பணத்தைத் தின்பது வரியை விட வீட்டு வாடகை. அது அடுத்த படி.

கைக்கு வந்த காசில் உயிர் வாழ எவ்வளவு போகும்? இதை நாங்களாக ஊகிக்கக்கூடாது. ஒப்பந்தத்தில் தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து என்ற மூன்று சொற்களைத் தேட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கம்பனி இலவசமாகத் தருகிறதா, கம்பனி ஏற்பாடு செய்து சம்பளத்தில் கழிக்கிறதா, நாங்களே பார்க்க வேண்டுமா என்று பார்க்க வேண்டும். நடுவில் இருப்பதில்தான் ஏமாற்றம் அதிகம். தம்பியின் ருமேனியத் தாளில் “தங்குமிடம் நிறுவனத்தால் வழங்கப்படும்” என்று முதற் பக்கத்தில் இருந்தது. இரண்டு பக்கம் தள்ளி, அதற்காக மாதம் 500 லெய் கழிக்கப்படும் என்று இருந்தது. இரண்டும் உண்மைதான். முதலாவதை மட்டும் வாசித்தவன் இலவசம் என்று நினைப்பான்.

சாப்பாடு அங்கே அவன் பாடு. அதே நகரத்தில் வேலை செய்யும் எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனிடம் கேட்டோம். சேர்ந்து சமைத்தால் 900 லெய், தொலைபேசி, பஸ், குளிர்ச்சட்டை என்று இன்னும் 250 என்றான். ஆக 500, 900, 250 மூன்றும் சேர்ந்து 1,650. கைக்கு வரும் 2,925-இல் அதைக் கழித்தால் 1,275 லெய் மிச்சம். ரூபாவில் 89,250.

கட்டார்த் தாளில் தங்குமிடமும் வேலைக்குப் போய்வரும் வண்டியும் இலவசம். சாப்பாட்டுக்கு 300 ரியால் கொடுப்பனவு அந்த 2,000-இலேயே அடங்கியிருந்தது. சாப்பாட்டுக்கு 450, மற்றதற்கு 200 என்று எழுதினோம். மிச்சம் 1,350 ரியால். ரூபாவில் 1,10,700.

கொப்பியில் இரண்டு பக்கமும் இப்படி இருந்தன:

ருமேனியா: 3,50,000 → கைக்கு 2,04,750 → மிச்சம் 89,250
கட்டார்: 1,64,000 → கைக்கு 1,64,000 → மிச்சம் 1,10,700

தம்பி பேனையை வாங்கித் தானே ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்தான். மாதச் சம்பளத்தில் பாதிக்கும் குறைவாக இருந்த வேலை, மாத மிச்சத்தில் இருபதாயிரம் ரூபாவுக்கு மேல் முந்திவிட்டது.

இந்த இடத்தில் இரண்டு தவறுகள் வரும். ஒன்று, நூற்றுக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது. ஒரு நாட்டில் சம்பளத்தின் எழுபது வீதம் மிஞ்சலாம், இன்னொரு நாட்டில் நாற்பது வீதந்தான் மிஞ்சலாம். ஆனால் அந்த நாற்பது வீதம் தொகையில் பெரிதாக இருக்கலாம். கடன் கொடுத்தவர் வீதத்தைக் கேட்பதில்லை, தொகையைத்தான் கேட்கிறார். மற்றது, ரூபா விழுந்தால் கணக்கு மாறிவிடுமே என்ற பயம். 2022-இல் டொலர் சில மாதங்களிலேயே 200 ரூபாவிலிருந்து 360-ஐத் தாண்டியதை எல்லோரும் கண்டோம். ரூபா விழுந்தால் இரண்டு வேலையின் மிச்சமும் சேர்ந்துதான் ரூபாவில் கூடும், எது பெரிது என்ற பதிலை அது பெரும்பாலும் மாற்றாது. இரண்டையும் ஒரே நாளின் நாணய மாற்று விலையில் கணக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இனிக் கடன். வன்னியில் இந்தப் படியை விட்டுவிட்டால் மேலே எழுதிய எதற்கும் பயன் இல்லை, ஏனென்றால் கையில் உள்ள காசில் போகிறவர்கள் எங்களிடையே மிகக் குறைவு. ருமேனியாவுக்கு எல்லாச் செலவும் சேர்த்து 11 இலட்சம் கேட்டிருந்தார்கள். கட்டாருக்கு மூன்றரை இலட்சம். கொஞ்சம் நகை அடகு, கொஞ்சம் ஊர் வட்டி. இரண்டையும் கலந்து சராசரியாக நூற்றுக்கு மாதம் இரண்டு என்று வைத்தோம். 11 இலட்சத்துக்கு முதல் மாத வட்டி மட்டும் 22,000 ரூபா.

அத்தோடு, போகிற பிள்ளையின் வீடு இங்கே இருக்கிறது. தம்பி ஊரில் உழைத்த காசில்தான் தாயாரும் தங்கையும் சாப்பிட்டார்கள். அவன் போனபிறகும் அவர்கள் சாப்பிட வேண்டும். தாயாரிடம் கேட்டேன். “நாற்பதாயிரம் இல்லாமல் முடியாது பிள்ளை,” என்றார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது. மாத மிச்சத்திலிருந்து அந்த நாற்பதாயிரத்தை எடுத்த பிறகு வருவதுதான் கடனுக்குப் போகும் காசு. ருமேனியாவில் அது 49,250. கட்டாரில் 70,700.

மாதம் 49,250 கட்டினால் முதல் மாதத்தில் 22,000 வட்டிக்கே போய்விடும், கடன் தொகையில் 27,250 மட்டும் குறையும். அடுத்த மாதம் வட்டி சற்றுக் குறைந்து, கடன் தொகை சற்றுக் கூடக் குறையும். இப்படி 24 மாதமும் ஓட்டிப் பார்த்தேன். ஒப்பந்தம் முடியும் நாளில் இன்னும் ஏறக்குறைய 2 இலட்சத்து 70 ஆயிரம் ரூபா கடன் நின்றது. இரண்டு வருடம், ஆயிரம் யூரோ வேலை, ஒருநாளும் வீண்செலவு செய்யாத பிள்ளை. திரும்பி வரும்போது நகை இன்னும் அடகில்.

கட்டார்ப் பக்கத்தில் ஆறாவது மாதம் கடன் தீர்ந்தது. மிகுதி மாதங்களில் 13 இலட்சம் அளவில் சேர்ந்தது.

அதற்கு மேல் ஒரு தொகை உண்டு, பலர் அதை எழுத மறந்துவிடுகிறார்கள். கட்டார்ச் சட்டப்படி ஒரு வருடமாவது வேலை செய்தவருக்கு, வேலை முடியும்போது வருடத்துக்குக் குறைந்தது மூன்று கிழமை அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுக்க வேண்டும். ‘அடிப்படை’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தம்பியின் 2,000 ரியாலில் 1,700 அடிப்படை, 300 சாப்பாடு. இரண்டு வருடத்துக்கு 42 நாள் அடிப்படைச் சம்பளம், அதாவது 2,380 ரியால். அதே 2,000-ஐ ஆயிரம் அடிப்படை, ஆயிரம் கொடுப்பனவு என்று பிரித்து எழுதியிருந்தால் 1,400 ரியால்தான் வந்திருக்கும். மாதச் சம்பளம் ஒன்றே, ஆனால் தாளில் பிரித்த விதத்தில் 80,000 ரூபா வித்தியாசம். மேலதிக நேரக் கொடுப்பனவும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே வளைகுடா ஒப்பந்தம் கைக்கு வந்தால், மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன் அடிப்படை எவ்வளவு என்று பாருங்கள். கட்டாரில் 2021-இலிருந்து அடிப்படைச் சம்பளம் 1,000 ரியாலுக்குக் கீழே போகக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. தங்குமிடம் தராவிட்டால் அதற்கு 500, சாப்பாடு தராவிட்டால் அதற்கு 300 சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

மேலதிக நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. முகவர்கள் அதைச் சேர்த்துத்தான் சொல்வார்கள், “ஓவர்டைமோடு மூவாயிரம் வரும்” என்று. வேலை கிடைத்தால் வரும், கிடைக்காவிட்டால் வராது. வட்டி இரண்டுக்கும் காத்திருக்காது. அது வந்தால் மேலதிகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ருமேனியாவுக்குப் போகாதே என்று இந்தக் கட்டுரை சொல்வதாக யாரும் நினைக்கக்கூடாது. அதே நாட்டில், அதே 5,000 லெய், ‘புருட்’ என்பதற்குப் பதில் ‘நெட்’ என்று எழுதப்பட்டு, தங்குமிடம் உண்மையிலேயே இலவசமாக இருந்தால், 1,150 லெய் செலவு போக 3,850 லெய் மிஞ்சும். ரூபாவில் 2,69,500. 11 இலட்சம் கடனைக்கூட ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடலாம். கட்டாரை அது எங்கேயோ விட்டுவிடும். ஒரு சொல்லும் ஒரு வாக்கியமும் மாறியதில் மாத மிச்சம் மூன்று மடங்காகிறது. ஆகவே நாட்டின் பெயரை வைத்து முடிவெடுப்பதும் சம்பளத்தை வைத்து முடிவெடுப்பது மாதிரித்தான்.

“ருமேனியா ஐரோப்பாவுக்கு ஒரு வாசல்” என்ற பேச்சும் எங்கள் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. ருமேனியா 2025 ஜனவரி 1 முதல் செங்கன் வலயத்தில் முழுமையாகச் சேர்ந்துவிட்டது என்பது சரி. ஆனால் ருமேனியா கொடுத்த வேலை அனுமதியை வைத்துக்கொண்டு ஜேர்மனியிலோ இத்தாலியிலோ வேலை செய்ய முடியாது. எல்லையில் நிறுத்திப் பார்க்காதது வேலை செய்யும் உரிமை ஆகாது. அந்த வாசலுக்கென்று ஒரு தொகையைக் கணக்கில் எழுதாதீர்கள்.

கணக்கில் வராத விடயங்களும் இருக்கின்றன, அவற்றை மறைக்க விரும்பவில்லை. கட்டாரின் கோடை பொல்லாதது. ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று அங்கே சட்டமே போட்டிருக்கிறார்கள். மனைவி பிள்ளைகளைக் கூட்டிப் போக நினைப்பவருக்கும், ஒரு நாட்டில் நிரந்தரமாக வேரூன்ற நினைப்பவருக்கும் கணக்கே வேறு. அவர்கள் முழுக் குடும்பத்தின் வாடகையையும் பள்ளிக்கூடத்தையும் வைத்து எழுத வேண்டும். நான் சொன்னது, தனியே போய், உழைத்து, வீட்டுக்கு அனுப்பி, திரும்பி வர நினைப்பவரின் கணக்கு.

இன்னும் ஒன்று செய்தோம். கொப்பியில் மூன்றாவது பக்கம் ஒன்றைத் திறந்து “ஊரிலேயே இருந்தால்” என்று எழுதினோம். தம்பி இங்கே வெல்டிங் வேலையில் வீட்டுச் செலவு போக மாதம் 20,000 அளவில் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தான். கடன் இல்லாமல், இரண்டு வருடத்தில் நாலு இலட்சத்து 80 ஆயிரம். அந்த ருமேனிய வேலையை விட அது மேல் என்று கண்டபோது தாயார் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார்.

அங்கே ஏற்கெனவே இருப்பவரிடம் விசாரிக்கும்போது “எவ்வளவு சம்பளம்?” என்று கேட்டால் பெரும்பாலும் மொத்தத்தைத்தான் சொல்வார்கள். கௌரவம் ஒரு காரணம், வீட்டார் காதில் விழும் என்ற யோசனை இன்னொன்று. “போன மாதம் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினாய்? கடைசி ஆறு மாதத்தில் மிகக் குறைவாக அனுப்பியது எவ்வளவு?” என்று கேளுங்கள். சம்பளச் சிட்டையின் படம் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது, பிடித்த தொகைகள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். முகவர் பதிவு பெற்றவரா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேட்கலாம், தொலைபேசி 1989. இவை எல்லாம் நகை வீட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை.

தம்பி ருமேனிய முகவரிடம் போய் ‘நெட்’ எவ்வளவு என்று எழுத்தில் கேட்டான். ஒரு கிழமை கழித்து “அங்கே போனபிறகு கம்பனியோடு பேசிக்கொள்ளலாம்” என்ற பதில் வந்தது, அதுவும் வாய்ச் சொல்லாக. அவன் கட்டாருக்குப் போனான். முதல் முழுச் சம்பளம் வந்த மாதத்தில் அவனுக்கு மிஞ்சியது 1,280 ரியால். நான் எழுதியது 1,350. எழுபது எங்கே போயிற்று என்று கேட்டேன். “போர்வை ஒன்றும் சோறு சமைக்கும் மின்பானையில் என் பங்கும், அக்கா,” என்றான். கொப்பியில் நாங்கள் எழுதாமல் விட்ட வரி அது. இப்போது யார் வந்து கேட்டாலும் முதல் மாதத்துக்கு நூறு ரியால் தனியாக எழுதி வைக்கிறேன்.